ஒரு எந்திரத் துப்பாக்கி, ஒரு ராக்கெட், ஒரு ஏகே: குண்டு தவறுவது யாரால்?

சுடும் விளையாட்டுகளில் ஆயுதங்களை ஹிட்ஸ்கேன், ப்ரொஜெக்டைல் என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். விசையை அழுத்திய கணத்திலேயே ஒரு கோடு போட்டு யார் மீது பட்டது என்று முடிவு செய்தால் ஹிட்ஸ்கேன். உண்மையிலேயே ஒரு பொருள் பிறந்து, பறந்து போய் மோதினால் ப்ரொஜெக்டைல். இந்த வரையறை சரிதான். ஆனால் ஒரு ஆயுதம் கையில் எப்படி இருக்கும் என்பதை இது மட்டும் சொல்லாது. குறி வைத்தும் குண்டு தவறினால், தவறியது யாரால் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பகடை உருண்டதாலா, சுட்டவர் கை போதாமலா, எதிரி மனம் மாறியதாலா? குண்டு தற்செயலாகச் சிதறும் ஸ்ப்ரெட், சுடச்சுடத் துப்பாக்கி உதைக்கும் ரீகாயில், பறக்கும் நேரம் ஆகிய மூன்றும் இந்த மூன்று பதில்கள்.

இதைப் பார்க்க நல்ல இடம் குவேக் 3 அரீனா. 1999இல் வந்த விளையாட்டு. 2005இல் ஐடி சாஃப்ட்வேர் அதன் மூலநிரலை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. அதனால் ஊகம் எதுவும் இல்லாமல், நிரலில் உள்ள எண்களை வைத்தே ஒரு சண்டையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சண்டை இதுதான். எதிரி 900 அலகு தூரத்தில் இருக்கிறார். நூறு உயிர், கவசம் இல்லை. நம் பார்வைக்குக் குறுக்கே, விளையாட்டின் இயல்பான ஓட்டவேகமான விநாடிக்கு 320 அலகில் ஓடுகிறார். குவேக் 3இல் குண்டு படுவது எதிரியின் உருவத்தின் மீது அல்ல, அவரைச் சுற்றியுள்ள ஒரு பெட்டியின் மீது. அதன் அகலம் 30 அலகு, உயரம் 56. பெட்டியின் ஒரு பக்கத்தை நேராகப் பார்த்துச் சுடுவதாக வைத்துக்கொள்வோம், ஏனென்றால் மூலையாகப் பார்த்தால் பெட்டி இன்னும் அகலமாகத் தெரியும்.

முதலில் எந்திரத் துப்பாக்கி. அது ஒரு குண்டைச் சுடும்போது சர்வரில் நடப்பது இவ்வளவுதான்:

```c
r = random() * M_PI * 2.0f;
u = sin(r) * crandom() * spread * 16;
r = cos(r) * crandom() * spread * 16;
VectorMA (muzzle, 8192*16, forward, end);
VectorMA (end, r, right, end);
VectorMA (end, u, up, end);
```

துப்பாக்கி முனையிலிருந்து நேராக 8192×16 அலகு தள்ளி ஒரு புள்ளி வைக்கிறார்கள். அந்தப் புள்ளியைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். பிறகு முனையிலிருந்து அந்தப் புள்ளி வரை ஒரு கோடு போட்டு, வழியில் முதலில் என்ன தடுக்கிறது என்று பார்க்கிறார்கள். எந்திரத் துப்பாக்கியின் `spread` மதிப்பு 200. ஆக 131072 அலகு தூரத்தில் அதிகபட்ச விலகல் 3200. கோணமாகச் சொன்னால் ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு.

இந்த நிரலில் கவனிக்க வேண்டியது, -1 முதல் 1 வரை ஏதோ ஒரு எண்ணைத் தரும் `crandom()` இரண்டு முறை தனித்தனியாக அழைக்கப்படுவது. ஒரு கோணம் எடுத்து, ஒரு தூரம் எடுத்து வட்டத்துக்குள் புள்ளி வைப்பது அல்ல இது. கோணம் ஒன்றுதான், ஆனால் இரண்டு அச்சுக்கும் வெவ்வேறு பகடை. புள்ளிகள் வட்டத்தைத் தாண்டிப் போகாது, ஆனால் வட்டம் முழுக்கச் சமமாகவும் பரவாது. நடுவில் கூட்டமாக விழும், ஓரத்தில் அரிதாக விழும். சுடுபவருக்கு இது பெரிய சலுகை. விலகல் எவ்வளவு என்பதை அதிகபட்ச எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் துப்பாக்கியை இருப்பதைவிட மோசமாக மதிப்பிட்டுவிடுவார்கள்.

900 அலகில் அதிகபட்ச விலகல் சுமார் 22 அலகு. பெட்டியின் நடுவில் குறி வைத்தால் மேல்கீழாகத் தவற வழியே இல்லை, ஏனென்றால் பாதி உயரம் 28. பக்கவாட்டில் பாதி அகலம் 15தான், அங்கே சில குண்டுகள் நழுவும். மேலே உள்ள பரவலை வைத்துக் கணக்கிட்டால், குறி துளியும் பிசகாமல் இருந்தால் சுமார் 88 சதவீதம் படும். ஒரு குண்டுக்கு 7 சேதம், விநாடிக்கு 10 குண்டு. நூறு உயிரை முடிக்க 15 குண்டு பட வேண்டும், அதற்கு 17 அளவில் சுட வேண்டியிருக்கும். சுமார் 1.6 விநாடி.

614 அலகுக்குள் வந்துவிட்டால் ஸ்ப்ரெட் என்ற ஒன்றே இல்லாதது போலத்தான், எல்லாக் குண்டும் படும். தூரத்தை 1800 ஆக்கினால் கதை மாறுகிறது. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நழுவத் தொடங்கும். பட வாய்ப்பு 47 சதவீதத்துக்கு இறங்கும், முடிக்க மூன்று விநாடிக்கு மேல் ஆகும். சுடுபவர் இரண்டு இடத்திலும் ஒரே திறமையோடு சுட்டிருக்கிறார். அவர் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. ஸ்ப்ரெட்டின் வேலை இதுதான்: ஆயுதத்தின் பயனுள்ள தூரத்தை ஆட்டக்காரரின் கையைக் கேட்காமல் வெட்டுவது. விநாடிக்குப் பத்து முறை சுடும், ஒவ்வொரு குண்டும் சிறு சேதம் செய்யும் ஆயுதத்தில் இது நியாயமாகவே இருக்கிறது. பகடை நிறைய முறை உருள்வதால் சராசரி சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். ஒரே குண்டில் ஆளை முடிக்கும் ஆயுதத்தில் இதே பகடையை வைத்தால் ஆட்டக்காரர் எரிச்சலாவார். அதே விளையாட்டின் ரெயில்கன்னைப் பாருங்கள். நூறு சேதம், ஒன்றரை விநாடிக்கு ஒரு முறை, ஹிட்ஸ்கேன்தான், ஆனால் ஸ்ப்ரெட் சுத்தமாகக் கிடையாது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இப்போது அதே எதிரி மீது ராக்கெட். வேகம் விநாடிக்கு 900 அலகு. நேரடியாகப் பட்டால் 100 சேதம். அடுத்த ராக்கெட்டுக்கு 0.8 விநாடி காத்திருக்க வேண்டும். ஸ்ப்ரெட் இல்லை.

எதிரி குறுக்கே ஓடுவதால் அவருக்கு முன்னால் சுட வேண்டும். எவ்வளவு முன்னால்? எதிரியின் வேகத்தை ராக்கெட்டின் வேகத்தால் வகுத்தால் அந்தக் கோணத்தின் சைன் கிடைக்கும். 320/900, அதாவது ஏறக்குறைய 21 டிகிரி. இந்தக் கணக்கில் தூரம் எங்கேயும் வரவில்லை என்பதைப் பாருங்கள். எதிரி 300 அலகில் இருந்தாலும் 900 அலகில் இருந்தாலும், அவர் அதே வேகத்தில் குறுக்கே ஓடும்வரை, திரையில் அதே அளவு முன்னால் குறி வைத்தால் போதும். குவேக் ஆடிப் பழகியவர்கள் ராக்கெட்டை யோசிக்காமல் சரியாக விடுவதற்கு இதுவே காரணம். கை ஒரே ஒரு கோணத்தைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் தூரத்தில் ராக்கெட் ஏன் படுவதில்லை? குறி தவறுவதால் அல்ல, எதிரிக்கு நேரம் கிடைப்பதால். 900 அலகு தள்ளி இருப்பவரை ராக்கெட் அடைய ஏறக்குறைய 1.07 விநாடி ஆகும். ராக்கெட் கிளம்பியதைப் பார்த்து எதிரி திசை மாற்ற கால் விநாடி எடுத்துக்கொள்கிறார் என்று வைப்போம். மீதி 0.82 விநாடி அவர் எதிர்த்திசையில் ஓடுகிறார். ராக்கெட் போய்ச் சேரும் இடத்துக்கும் அவருக்கும் இடையே 500 அலகுக்கு மேல் இடைவெளி. 270 அலகில் இதையே செய்யட்டும். பயண நேரம் 0.32 விநாடி. கால் விநாடி போக அவருக்கு மிஞ்சுவது 0.07 விநாடி. உடனே முழு வேகத்தில் திரும்பினாலும் 45 அலகுதான் விலகுவார்.

வெடிப்புச் சேதம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. ராக்கெட் வெடித்த இடத்திலிருந்து 120 அலகு வரை சேதம் உண்டு, தூரத்துக்கு ஏற்ப நேர்க்கோட்டில் குறையும். தூரத்தை அளப்பது எதிரியின் நடுவிலிருந்து அல்ல, பெட்டியின் விளிம்பிலிருந்து. ஆக 45 அலகு விலகியவர் விளிம்பில் 30 அலகு தள்ளி இருக்கிறார், அவருக்கு 75 சேதம். இதற்கு ராக்கெட் அவர் பக்கத்தில் எதன் மீதாவது மோதி வெடித்திருக்க வேண்டும். அதனால்தான் பழகியவர்கள் நெஞ்சைப் பார்த்துச் சுடாமல் காலடித் தரையைப் பார்த்துச் சுடுகிறார்கள். நெஞ்சுக்குக் குறி வைத்துத் தவறிய ராக்கெட் பின்னால் எங்கோ சுவரில் போய் வெடிக்கும்.

தூரத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை எந்திரத் துப்பாக்கியில் பகடை செய்தது. ராக்கெட்டில் எதிரியின் முடிவு செய்கிறது. ஆகவே பறக்கும் நேரம் இருக்கும் ஆயுதத்தில் அதற்கு மேல் ஸ்ப்ரெட்டும் சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். எதிரி எங்கே போவார் என்று சரியாக ஊகித்தவருக்குக் கிடைக்க வேண்டிய பலனை அது பறித்துவிடும், சரியாக விலகியவரின் மீது தற்செயலாக அடியும் விழும். இருவருக்குமே என்ன நடந்தது என்று புரியாது.

பறக்கும் பொருளைச் சர்வர் எப்படி நகர்த்துகிறது என்பதும் சொல்ல வேண்டிய விஷயம். குவேக் 3 சர்வர் இயல்பாக விநாடிக்கு 20 முறைதான் உலகைக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு முறைக்கும் ராக்கெட் 45 அலகு நகரும். எதிரியின் பெட்டி அகலம் 30. ராக்கெட்டை வெறுமனே புதிய இடத்தில் தூக்கி வைத்து, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தால், பல நேரம் ஆளைத் தாண்டிப் போய்விடும். அதனால் பழைய இடத்திலிருந்து புதிய இடம் வரை ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டுப் பார்க்கிறார்கள். எந்திரத் துப்பாக்கி ஒரே முறை செய்யும் அதே வேலையை ராக்கெட் துண்டுதுண்டாகச் செய்கிறது. புதிதாக விளையாட்டு எழுதுகிறவர்கள் இந்தக் கோட்டை மறந்தால் அறிகுறி சுலபமாகத் தெரியும்: மெதுவான எறிபொருள் ஒழுங்காகப் படும், வேகத்தைக் கூட்டக் கூட்ட மெல்லிய சுவர்களையும் ஆட்களையும் ஊடுருவத் தொடங்கும், அதுவும் சில தூரங்களில் மட்டும்.

இதுவரை இணையத் தாமதம் இல்லை என்று வைத்துக்கொண்டோம். நூறு மில்லிவிநாடி பிங்கைச் சேர்த்தால் ஹிட்ஸ்கேனின் ‘உடனடி’ என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது. குவேக் 3 சர்வர், நம் கட்டளை வந்து சேர்ந்த நேரத்தில் எதிரி எங்கே இருக்கிறாரோ அங்கேதான் கோட்டைச் சோதிக்கும். நாம் திரையில் பார்த்தது அதற்கு முந்தைய இடம். 0.1 விநாடியில் அவர் 32 அலகு நகர்ந்துவிட்டார், பெட்டியின் பாதி அகலமோ 15. அவர் நடுவில் மிகச் சரியாகக் குறி வைத்த குண்டு அவருக்குப் பின்னால்தான் போகும். ஆகவே அந்த நாட்களில் ரெயில்கன்னுக்கும் முன்னால் சுட வேண்டியிருந்தது, அதுவும் ஒவ்வொரு சர்வரில் ஒவ்வொரு அளவு. ராக்கெட்டுக்கும் அதே 32 அலகுதான் கூடுகிறது, ஆனால் ஏற்கெனவே முன்னூறு அலகுக்கு மேல் முன்னால் சுடும் ஆயுதத்தில் அது சின்ன திருத்தம். பிங் அதிகமுள்ளவர்கள் ராக்கெட்டை விரும்பியதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இல் விளக்கிய வழி இன்று பரவலாகப் புழங்குகிறது. சர்வர் எல்லோருடைய பழைய இடங்களையும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். நம் குண்டு வந்ததும், நாம் பார்த்த கணத்துக்கு எதிரிகளைப் பின்னுக்கு நகர்த்தி, கோட்டைச் சோதித்து, மறுபடி அவர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். குவேக் 3க்கும் ‘அன்லேக்டு’ என்ற மாட் இதே வேலையைக் கொண்டுவந்தது. இதன் விலையைச் சுடப்பட்டவர் கொடுக்கிறார். சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் செத்து விழுவார், ஏனென்றால் சுட்டவர் திரையில் அவர் இன்னும் ஒதுங்கவில்லை. ராக்கெட்டை இப்படிப் பின்னுக்கு நகர்த்திச் சோதிப்பது இல்லை. அது எல்லோரும் பார்த்து விலகக்கூடிய பொருள். விலகியவரைப் பழைய இடத்துக்கு இழுத்து அடித்தால் விலகுவதற்கே அர்த்தமில்லை.

ரீகாயில் என்று பார்த்தால் குவேக் 3இல் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. அதற்கு கவுண்டர்-ஸ்டிரைக் பக்கம் போக வேண்டும். 2012இல் வந்த குளோபல் அஃபென்சிவின் ஏகே-47ஐ எடுத்துக்கொள்கிறேன். அதுவும் ஹிட்ஸ்கேன். உண்மையான ஏகே குண்டு விநாடிக்கு 715 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 30 மீட்டரைக் கடக்க 0.04 விநாடி போதும். அந்த விளையாட்டின் சண்டைத் தூரங்களில் பறக்கும் நேரத்தை விட்டுவிடுவதால் பெரிதாக எதுவும் பொய்யாவதில்லை.

இந்த ஏகே தலையில் பட்டால் ஹெல்மெட் போட்டிருந்தாலும் ஒரே குண்டில் ஆள் காலி. இவ்வளவு வலுவான ஆயுதத்தை ஸ்ப்ரெட்டை மட்டும் வைத்து அடக்கினால் எல்லாம் பகடையாகிவிடும். அதனால் அடக்கும் வேலையின் பெரும்பங்கை ரீகாயிலிடம் கொடுத்திருக்கிறார்கள். விசையை விடாமல் பிடித்தால் 30 குண்டும் ஏறக்குறைய மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். குண்டுகள் முதலில் மேல்நோக்கி ஏறும், பிறகு பக்கவாட்டில் இங்கும் அங்கும் அலையும். இந்தப் பாதை ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். அந்தத் துப்பாக்கிக்கு என்று நிலையாக வைத்த ஒரு விதை எண்ணிலிருந்து, அதாவது பகடை வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணிலிருந்து, உருவாகிறது. மவுஸை அதற்கு எதிராக இழுத்துப் பழகினால் பாதையை ஏறக்குறைய ரத்து செய்துவிடலாம். இதற்காகவே மணிக்கணக்கில் சுவரில் சுட்டுப் பயில்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த உழைப்புக்குப் பலனும் உண்டு.

கண்ணுக்கு ஒரு சிக்கல் வைத்திருக்கிறார்கள். குண்டு விலகும் அளவுக்குப் பார்வை விலகாது, அதில் ஒரு பகுதிதான் விலகும். ஆகவே தொடர்ந்து சுடும்போது குண்டு திரையின் நடுப்புள்ளிக்குப் போவதில்லை, அதற்கு மேலே எங்கோ போகிறது. புதிதாக ஆடுகிறவர் நடுப்புள்ளியை எதிரி மீது வைத்துக்கொண்டே இருப்பார், குண்டுகள் எதிரியின் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். ‘ஸ்ப்ரெட் மோசம்’ என்று அவர் குறை சொல்வது உண்மையில் ரீகாயிலைத்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. தனி சர்வரில் `sv_cheats 1` கொடுத்து, `weapon_accuracy_nospread 1` போட்டு சுவரில் ஒரு முழு மேகசினைக் காலி செய்யுங்கள். சுவரில் இருப்பது வெறும் ரீகாயில் பாதை. மறுபடி சுட்டால் அதே துளைகள் மேலேயே விழும். அப்புறம் அதை அணைத்துவிட்டு `weapon_recoil_scale 0` போட்டுச் சுடுங்கள். பாதை காணாமல் போய், நடுவைச் சுற்றி ஒரு சிதறல் மட்டும் மிஞ்சும். அதுதான் ஸ்ப்ரெட். நின்று சுட்டால் சிறியது. ஓடிக்கொண்டு சுட்டால் சுவரே போதாது.

இந்தச் சிதறலிலும் இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று துப்பாக்கிக்கே உரிய, மாறாத சிறு அளவு. இன்னொன்று நிலையைப் பொறுத்தது: நிற்பது, குனிவது, ஓடுவது, குதிப்பது, சற்று முன் சுட்டது. ஏகேவோடு ஓடும் வேகம் 215. அதில் 34 சதவீதத்துக்குக் கீழே, அதாவது சுமார் 73க்குக் கீழே வந்துவிட்டால் ஓடுவதற்கான தண்டனை போய்விடும். பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருப்பவர் எதிர்த்திசை விசையை ஒரு கணம் தட்டி நின்று சுடுவது இந்த எல்லைக்குக் கீழே சீக்கிரம் வருவதற்காகத்தான். ஸ்ப்ரெட் இங்கே வெறும் பகடை இல்லை. பகடையை எப்போது உருட்டுவது என்பது ஆட்டக்காரர் கையில் இருக்கிறது. குவேக் எந்திரத் துப்பாக்கியின் மாறாத 200ஐவிட இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

பகடையை யார் உருட்டுவது என்பது ஒரு நிஜமான ஓட்டையாகவே ஆகிவிட்டது. குவேக் 3 எந்திரத் துப்பாக்கியில் சர்வர் மட்டும் உருட்டும். துளை எங்கே விழுந்தது என்ற செய்தி வந்த பிறகுதான் நம் திரையில் தெரியும். ஷாட்கன்னுக்கு 11 துகள்களின் இடத்தையும் அனுப்பாமல், சர்வர் 0 முதல் 255 வரை ஒரு விதை எண்ணை மட்டும் அனுப்பும். அதை வைத்து நம் கணினி அதே சிதறலை வரைந்துகொள்ளும். விதை சுட்ட பிறகுதான் வருகிறது, அதனால் ஆபத்து இல்லை.

வால்வின் சோர்ஸ் எஞ்சினில் வேறு ஏற்பாடு. பிங் இருந்தாலும் சுட்ட உடனே சரியான இடத்தில் துளை தெரிய வேண்டும் என்பதற்காக, கட்டளையின் வரிசை எண்ணிலிருந்து நம் கணினியில் ஓடும் கிளையண்டும் சர்வரும் தனித்தனியாக ஒரே விதையைக் கணக்கிட்டுக்கொள்ளும்:

```cpp
cmd->random_seed = MD5_PseudoRandom( sequence_number ) & 0x7fffffff;
```

பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சுடுவதற்கு முன்பே விதை கிளையண்டுக்குத் தெரியும் என்றால், அடுத்த குண்டு எந்தப் பக்கம் விலகும் என்பதும் தெரியும். ஏமாற்று நிரல்கள் அந்த விலகலைக் கணக்கிட்டு, குறியை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்திச் சுட்டன. சர்வர் அதே பகடையை உருட்ட, குண்டு நேராக நடுவில் போய் விழும். ‘நோஸ்ப்ரெட்’ என்று அதற்குப் பெயர். ரீகாயிலை ரத்து செய்யும் ஏமாற்றை நல்ல கையிலிருந்து பிரிப்பதே கடினம். இதுவோ மனிதக் கையால் செய்யவே முடியாத காரியம், குதித்துக்கொண்டே தொலைவில் இருப்பவரின் தலையில் மறுபடி மறுபடி அடிப்பது போல.

குளோபல் அஃபென்சிவில் பிறகு சர்வர் தனக்கென்று தனி விதையை வைத்துக்கொள்ளத் தொடங்கியது. `sv_usercmd_custom_random_seed` என்ற அமைப்பு அதற்குத்தான். நோஸ்ப்ரெட் அடைபட்டது. அதற்கு ஈடாக, நம் திரையில் முதலில் தெரியும் துளை சர்வர் முடிவு செய்த இடத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. `sv_showimpacts 1` போட்டுச் சுட்டால் கிளையண்ட் கணித்த இடம் சிவப்புப் பெட்டியாகவும் சர்வர் எடுத்த முடிவு நீலப் பெட்டியாகவும் தெரியும். நின்று சுட்ட முதல் குண்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று இருக்கும். ஓடிக்கொண்டே சுட்டால் தள்ளித்தள்ளி விழும், சேதத்தைக் கணக்கிடுவது நீலத்தை வைத்துத்தான்.